விவிடியும் சிலிண்டர் நிறுத்தமும்: வண்டி ஓட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வால்வு டைமிங்கை மாற்றும் விவிடி இன்று சாதாரண பெட்ரோல் காரிலும் இருக்கிறது. சிலிண்டரை நிறுத்தி ஓட்டும் வசதி நம் ஊரில் சில வண்டிகளில்தான் உண்டு. இரண்டும் ஒன்றாக இருக்கும் ஓர் இன்ஜினையே பெரும்பாலும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: ஸ்கோடா குஷாக், ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் டைகுன், வெர்ட்டஸ் ஆகியவற்றில் வந்த 1.5 லிட்டர் டிஎஸ்ஐ. நான்கு சிலிண்டர், டர்போ, 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க். சிலிண்டர் நிறுத்தத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஏசிடி.

என் வண்டியில் விவிடி என்று எழுதியிருக்கிறது. அது இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்?

வண்டி ஓடும். ஆனால் ஏதாவது ஒரு வேகத்தில்தான் நன்றாக ஓடும்.

டவுன் பஸ்ஸில் கூட்டம் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முண்டியடித்து ஓடிவரும் நேரத்தில் கதவை ஒரு கணம் தாமதமாக மூடினால், வந்த வேகத்திலேயே இன்னும் நான்கு பேர் உள்ளே வந்துவிடுவார்கள். கூட்டம் மெதுவாக ஏறும்போது அதே தாமதம் எதிராகிவிடும். உள்ளே இடம் இல்லாமல் படியில் நிற்பவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள்.

இன்ஜினுக்குள் காற்றும் இப்படித்தான். 6,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க 5 மில்லி விநாடிதான் ஆகிறது. காற்று வேகம் பிடித்து வருவதால், பிஸ்டன் அடியைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அங்கே இன்டேக் வால்வைத் தாமதமாக மூடினால் லாபம். 1,500 ஆர்பிஎம்மில் அதே பயணத்துக்கு 20 மில்லி விநாடி கிடைக்கிறது, காற்றுக்கு அவ்வளவு வேகம் இல்லை. தாமதமாக மூடினால், மேலே வரும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே திருப்பி வெளியே தள்ளும், இழுவை குறையும்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் ஒரே கோணத்தில் நிலையாகப் பூட்டப்பட்ட பழைய இன்ஜினில் வடிவமைப்பாளர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். கீழே இழுவை வேண்டுமென்றால் மேலே மூச்சு வாங்கும். மேலே சீற வேண்டுமென்றால் சிக்னலில் இன்ஜின் நடுங்கும். விவிடி அந்தக் கோணத்தை ஓடும்போதே மாற்றுகிறது. அதனால்தான் இன்றைய 1.2 லிட்டர் இன்ஜின் மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் இருந்தும் முனகாமல் இழுக்கிறது, 6,000 வரையும் போகிறது.

அந்தக் கோணத்தை எது திருப்புகிறது? மோட்டாரா?

பெரும்பாலான வண்டிகளில் ஆயில். கேம்ஷாஃப்டின் முனையில் உள்ள பல்சக்கரத்துக்குள் ஒரு சிறு அறை, அதற்குள் இறக்கைகள் உள்ள ஒரு சுழலி. இறக்கையின் ஒரு பக்கம் ஆயில் அழுத்தம் கொடுத்தால் கேம்ஷாஃப்ட் சில டிகிரி முன்னே போகும், மறுபக்கம் கொடுத்தால் பின்னே வரும். இதை ஃபேஸர் என்பார்கள். எந்தப் பக்கம் ஆயில் போக வேண்டும் என்பதை ஓசிவி என்ற சிறிய சோலினாய்டு வால்வு தீர்மானிக்கிறது. அதற்கு உத்தரவு தருவது இன்ஜினின் கணினியான இசியூ. கேம் சென்சாரையும் கிராங்க் சென்சாரையும் ஒப்பிட்டு, கேட்ட கோணம் வந்ததா என்று அது விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இன்ஜின் நிற்கும்போது அறையில் ஆயில் வடிந்துவிடும் என்பதால், ஃபேஸரை ஒரு சின்ன பின் ஓரிடத்தில் பூட்டி வைக்கும். இந்தப் பின்னை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் வரும் சத்தத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஹோண்டா விடெக் மாதிரி ஒரு "கிக்" என் வண்டியில் ஏன் இல்லை?

அது வேறு வகை. 1989இல் இன்டெக்ராவில் வந்த விடெக், வால்வைத் தள்ளித் திறக்க, குறைந்த வேகத்துக்கு ஒரு கேம் முனையும் அதிக வேகத்துக்கு உயரமான வேறொரு முனையும் வைத்திருந்தது. ஒன்றில் இருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது சத்தமும் இழுவையும் சட்டென மாறும். உங்கள் வண்டியில் முனை ஒன்றுதான், கோணம் மட்டும் நழுவி நழுவி மாறுகிறது. அது வேலை செய்வது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

நாலு சிலிண்டரில் ரெண்டை நிறுத்தினால் மீதி ரெண்டு அதே வேலையைச் செய்தாக வேண்டும். அப்புறம் பெட்ரோல் எப்படி மிச்சமாகும்?

நல்ல கேள்வி. வண்டி கேட்கும் சக்தி குறைவதில்லை. குறைவது வேறொன்று.

இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவை விரலால் நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் வலிக்கும், வாயில் வருவதோ கொஞ்சம். பெட்ரோல் இன்ஜின் தன் ஆயுளில் பெரும்பகுதி இப்படித்தான் மூச்சு விடுகிறது. காலை லேசாக வைத்து ஓட்டும்போது த்ரோட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்தச் சின்ன இடைவெளி வழியாகக் காற்றை இழுக்கப் போராட வேண்டும். இந்தப் போராட்டத்துக்கும் பெட்ரோல்தான் செலவாகிறது, ஆனால் அதில் ஒரு துளியும் சக்கரத்துக்குப் போவதில்லை. பம்பிங் இழப்பு என்று இதற்குப் பெயர்.

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள குஷாக் மாதிரி வண்டி, சமதளத்தில், 80 கி.மீ. வேகத்தில், டாப் கியரில் 1,700 ஆர்பிஎம் சுற்றில் போகிறது. டயர் உருளத் தேவையான விசை சுமார் 140 நியூட்டன். எதிர்க்காற்றைக் கிழிக்க இன்னும் 240. இதை இன்ஜினுக்குக் கொண்டுபோனால் 50 நியூட்டன் மீட்டர் வருகிறது. இன்ஜினிடம் இருப்பதோ 250. ஐந்தில் ஒரு பங்குதான் வேலை, அதையும் நான்கு சிலிண்டர்கள் பங்குபோட்டு, ஆளுக்குப் பன்னிரண்டரை என்று சோம்பலாகச் செய்கின்றன. அதற்காகத்தான் த்ரோட்டில் மூடிக் கிடக்கிறது.

இரண்டை நிறுத்தியதும் மீதி இரண்டும் ஆளுக்கு 25 தர வேண்டும். அதற்கு அதிகக் காற்று வேண்டும், எனவே த்ரோட்டில் திறக்கிறது. உங்கள் கால் அசைவதில்லை, இசியூதான் திறக்கிறது. நசுங்கியிருந்த ஸ்ட்ரா விரிந்துவிட்டது. அதோடு நின்ற இரண்டும் காற்றை இழுப்பதையே விட்டுவிடுகின்றன. மிச்சம் அங்கேதான் வருகிறது.

விவிடியும் லேசான சுமையில் இதே எதிரியோடுதான் மோதுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வைத் திறந்துவிட்டால், எரிந்த வாயு கொஞ்சம் சிலிண்டரிலேயே தங்கும். அந்த இடத்தை அது அடைத்துக்கொள்வதால் அதே அளவு புதுக் காற்றுக்கு த்ரோட்டிலைக் கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கும். ஐட்லிங்கில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, இன்ஜின் நடுங்கும்.

நின்றுபோன சிலிண்டரிலும் பிஸ்டன் ஏறி இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது?

ஆமாம், எல்லா பிஸ்டன்களும் ஒரே கிராங்கில் கட்டப்பட்டவை, இரண்டை மட்டும் நிற்க வைக்க முடியாது. நிறுத்தம் என்பது வால்வுகளை மூடியே வைப்பது, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் வெட்டுவது. பெட்ரோலை மட்டும் வெட்டிவிட்டு வால்வுகளைத் திறந்து மூட விட்டால் உறிஞ்சும் போராட்டம் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு வெறும் காற்று எக்ஸாஸ்ட் வழியாகப் போய் ஆக்ஸிஜன் சென்சாரைக் குழப்பும், கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும்.

வால்வுகள் மூடியிருந்தால் உள்ளே மாட்டிய காற்று ஒரு ஸ்பிரிங் போல ஆகிவிடும். ஏறும்போது அமுங்கும், இறங்கும்போது கொடுத்ததைத் திருப்பித் தரும். கொஞ்சம் வெப்பமாகவும் கசிவாகவும் போகும். ரிங் உராய்வு அப்படியே இருக்கும். மற்றதெல்லாம் திரும்பி வந்துவிடும்.

டிஎஸ்ஐயில் நிற்பவை நடுவில் உள்ள 2, 3ஆம் சிலிண்டர்கள். கேம்ஷாஃப்டில் அந்த இரண்டுக்கும் மேலே, பக்கவாட்டில் நகரக்கூடிய குழாய்த் துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு வால்வுக்கும் அருகருகே இரண்டு முனைகள்: ஒன்று வழக்கமானது, மற்றொன்று மேடே இல்லாத வெறும் வட்டம். குழாயில் சுருள் வடிவக் காடி வெட்டியிருக்கும். சோலினாய்டு ஒரு பின்னை அந்தக் காடிக்குள் இறக்கினால், கேம்ஷாஃப்ட் சுற்றும் சுற்றிலேயே குழாய் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். இதற்குக் கேம்ஷாஃப்டின் அரைச் சுற்று போதும். இதே தொழில்நுட்பம் 2012இல் 1.4 டிஎஸ்ஐயில் வந்தபோது, வேகத்தைப் பொறுத்து 13 முதல் 36 மில்லி விநாடி ஆகும் என்று நிறுவனம் சொன்னது.

ஏன் 2, 3? ஸ்பார்க் வரிசை 1-3-4-2. இரண்டையும் மூன்றையும் எடுத்துவிட்டால் 1, 4, 1, 4 என்று சமமான இடைவெளியில் வெடிப்பு வருகிறது. ஒன்றையும் இரண்டையும் நிறுத்தியிருந்தால் நொண்டியடிக்கும்.

எப்போது இரண்டில் ஓடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

எளிய வழி மீட்டர் திரை. எரிபொருள் பக்கத்தைத் திறந்து வைத்தால் இரண்டு சிலிண்டரில் ஓடும்போது பல மாடல்களில் ஓர் அறிவிப்பு வரும்.

திரையைப் பார்க்காமல் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பாட்டை அணைத்துவிட்டு, நல்ல சாலையில், காலை அசைக்காமல் போங்கள். 1,700 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் ஓடும்போது விநாடிக்கு 57 வெடிப்புகள், இரண்டில் ஓடும்போது 28. காதுக்கு அந்த வித்தியாசம் லேசான ஒரு ரீங்காரமாக வரும். சிலருக்குக் காதைவிட சீட்டிலும் ஸ்டீயரிங்கிலும் முன்னதாகத் தெரியும். கொஞ்சம் கரடான தார்ச் சாலை என்றால் டயர் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். திரை சொல்லாமல் என்னால் பாதி நேரம் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டில் இருந்து நான்குக்கு மாறும்போது குலுங்கக் கூடாது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு நொடி தயங்கினால் அது பெரும்பாலும் டர்போ அழுத்தம் ஏறும் நேரம், அல்லது டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கியரைக் குறைக்கும் நேரம். பழியை ஏசிடி மேல் போடுவதற்கு முன் மேனுவல் மோடில், ஒரே கியரில் சோதித்துப் பாருங்கள்.

இன்ஜின் சூடாகாத வரை, கீழ் கியர்களில், ஏறத்தாழ 1,400 ஆர்பிஎம்முக்குக் கீழே, இவற்றிலெல்லாம் இரண்டு சிலிண்டர் வராது. வளைந்து நெளிந்து, காலை ஏற்றி இறக்கி ஓட்டினாலும் இசியூ அதைக் கவனித்து இந்த வசதியைத் தடுத்து வைக்கும்.

சென்னையில் இருந்து திருச்சி போகும்போது அடிக்கடி வந்தது, கிருஷ்ணகிரி பக்கம் வரவே இல்லை. கோளாறா?

இல்லை. மேலே போட்ட கணக்கை எடுத்து, சாலையை 100 மீட்டருக்கு 2 மீட்டர் மட்டும் உயர்த்துங்கள். கண்ணுக்கு அது ஏற்றமாகவே தெரியாது. ஆனால் 1,300 கிலோவை அதில் ஏற்ற இன்னும் 255 நியூட்டன் வேண்டும். அதே 80 கி.மீ. வேகத்தில் இன்ஜின் தர வேண்டிய டார்க் 50இல் இருந்து 83க்குத் தாவுகிறது. இரண்டு சிலிண்டரில் அவ்வளவையும் கேட்பதில் லாபம் குறைந்துகொண்டே வரும், இன்ஜின் நான்குக்கு மாறிவிடும். சமதளத்தில் 110 கி.மீ. வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அதே கதை. எதிர்க்காற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் தேவை 78 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். எல்லைக்கோட்டில் இரண்டு சிலிண்டர் ஓட்டம் வந்து வந்து போகும்.

80, 90இல் சீராகப் போகிறவருக்கு இது நன்றாக வேலை செய்யும். 120இல் லேன் மாற்றி மாற்றிப் பறக்கிறவர் இந்த வசதிக்குக் கொடுத்த பணம் சும்மா இருக்கும்.

அப்படியென்றால் லிட்டருக்கு எத்தனை கி.மீ. கூடும்?

1.4 டிஎஸ்ஐக்கு ஐரோப்பியச் சோதனைச் சுழற்சியில் 100 கி.மீ.க்கு 0.4 லிட்டர் மிச்சம் என்றும், 50 கி.மீ. வேகத்தில் சீராகப் போனால் 1 லிட்டர் வரை என்றும் ஃபோக்ஸ்வாகன் சொன்னது. 0.4 லிட்டர் என்றால் நம் கணக்கில் லிட்டருக்கு பதினெட்டரை தரும் வண்டி 20 தரும். அந்த 1 லிட்டர் ஆய்வக எண், நம் சாலையில் 50இல் சீராகப் போக யார் விடுகிறார்கள்?

தினமும் ஊருக்குள்தான் ஓட்டுகிறேன். எனக்குப் பயன் உண்டா?

சிலிண்டர் நிறுத்தத்தால் மிகக் குறைவு. விவிடியால் உண்டு, ஐட்லிங்கிலும் குறைந்த வேகத்திலும் தினமும் உழைப்பது அதுதான். சிலிண்டர் நிறுத்தத்தால் உச்சக்கட்ட பவரில் ஒரு மாற்றமும் இல்லை. அழுத்தி மிதித்தால் எப்போதும் நான்கும்தான் ஓடும்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் ரெண்டு நொடி கரகரவென்று சத்தம், சில நாளில் இன்ஜின் லைட். மெக்கானிக் விவிடி என்கிறார். நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எந்தப் பாகம் என்று கேளுங்கள். என் மாமாவின் ஹேட்ச்பேக்கில் நடந்ததைச் சொல்கிறேன்.

70,000 கி.மீ. ஓடிய வண்டி. சிக்னலில் நின்றால் நடுக்கம், 17 கொடுத்த மைலேஜ் 14 ஆனது, அப்புறம் விளக்கு. ஒரு ஒர்க்ஷாப்பில் ஸ்பார்க் பிளக்கை மாற்றி, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, விளக்கை அழித்து அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் திரும்ப எரிந்தது. ஸ்கேனரை மாட்டியபோது வந்த கோட் `P0011`. இன்டேக் கேம் கேட்டதைவிட முன்னால் நிற்கிறது என்பது அதன் பொருள்.

பலர் கோட் எண்ணை மட்டும் படித்துவிட்டு உதிரிபாகம் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். ஸ்கேனரிலேயே நேரடி எண்களைப் பார்த்தால் செலவு குறையும். ஐட்லிங்கில் இசியூ கேட்ட கோணம் 0 டிகிரி, வந்தது 12. ஆக்சிலேட்டரை ஏற்றினாலும் இறக்கினாலும் அந்த 12 நகரவே இல்லை. நடுக்கத்தின் காரணம் இதோ: ஐட்லிங்கிலும் இன்டேக் வால்வு முன்கூட்டியே திறந்து, எரிந்த வாயு சிலிண்டருக்குள் தங்கிவிடுகிறது.

ஓசிவியைக் கழற்றினால் அதன் சல்லடையில் தார் மாதிரிக் கசடு. கடைசியாக ஆயில் மாற்றி 16,000 கி.மீ. ஆகியிருந்தது. மாமாவுக்கு அதில் குற்ற உணர்ச்சியே இல்லை, "அளவு சரியா இருந்துச்சே" என்றார். ஓசிவி, ஆயில், ஃபில்டர் மூன்றும் மாற்றியதும் கோணம் கேட்டபடி நகர ஆரம்பித்தது, நடுக்கம் போனது. காலைச் சத்தம் மட்டும் போகவில்லை. முன்பு சொன்ன பூட்டுப் பின் தேய்ந்திருந்தது. ஆயில் அழுத்தம் ஏறும் வரை அந்த இரண்டு நொடி ஃபேஸர் அங்குமிங்கும் மோதுகிறது. அதை உடனே மாற்றாமல், பிறகு டைமிங் செயின் வேலை வந்தபோது சேர்த்து மாற்றினோம்.

எனவே வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஆயில் அளவும் தரமும், பிறகு ஓசிவி, அதன் ஒயர், கடைசியில் ஃபேஸர். கையேட்டில் சொன்னதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றினாலும் ஃபேஸர் மந்தமாகும். கோட் `P0016` என்று வந்தால் மட்டும் பொறுக்காதீர்கள். கேமும் கிராங்கும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன என்பது அதன் பொருள். செயின் நீண்டிருக்கலாம், பல் தாவியிருக்கலாம். வண்டியை ஓட்டிப் பார்க்காமல் அப்படியே நிறுத்திச் சோதிப்பது நல்லது.

அமெரிக்காவில் சிலிண்டர் நிறுத்தும் வண்டிகளில் லிஃப்டர் உடைகிறது என்று படித்தேன். இங்கேயும் வருமா?

அங்கே நடந்தது உண்மை, ஆனால் அமைப்பு வேறு. ஜெனரல் மோட்டார்ஸின் வி8 இன்ஜின்களில் நிறுத்துவது ஆயில் அழுத்தம். கேம் தள்ளுவதை வால்வுப் பக்கம் கொண்டுபோவது லிஃப்டர், நிறுத்த வேண்டிய சிலிண்டரில் அதற்குள் ஒரு பூட்டு இருக்கும். ஆயில் அந்தப் பூட்டை விடுவித்தால் லிஃப்டர் தனக்குள்ளேயே மடங்கி, கேம் தள்ளுவது வால்வு வரை போகாது. பூட்டு சரியாகத் திரும்பாமல் சிக்கினால் கடகடவென்ற சத்தம், அந்தச் சிலிண்டரில் மிஸ்ஃபயர், கவனிக்காவிட்டால் கேமே தேயும். டிஎஸ்ஐயில் அந்த லிஃப்டர் இல்லை, குழாயை நகர்த்துவது சோலினாய்டு இறக்கும் பின். அதில் கோளாறு வந்தால் இன்ஜின் நான்கிலேயே தங்கி விளக்கை எரிய விடும்.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1981இல் காடிலாக் விற்ற வி8-6-4, தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு என்று மாறும். யோசனை சரியாகத்தான் இருந்தது, அன்றைய கணினிக்குத்தான் வேகம் போதவில்லை. மாறும்போதெல்லாம் வண்டி இடறியது. பலர் அந்த வசதியின் ஒயரைக் கழற்றிவிட்டு எட்டிலேயே ஓட்டினார்கள்.

நின்ற இரண்டு சிலிண்டர் குறைவாகவும் மற்றவை அதிகமாகவும் தேயாதா?

ஒரே இரண்டுதான் எப்போதும் நிற்கின்றன என்பதால் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் இயங்கும் இரண்டும் அப்போது தருவது ஆளுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவுதான். முழுத் திறனில் ஒவ்வொன்றும் 60க்கு மேல் தருவதற்காகச் செய்யப்பட்டவை. நிற்கும் இரண்டிலும் பிஸ்டனுக்கு ஆயில் போய்க்கொண்டே இருக்கும், சுற்றிலும் அதே கூலன்ட் ஓடும். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கும்போது 1, 4 ஒரு பக்கமும் 2, 3 இன்னொரு பக்கமும் தெளிவாகப் பிரிந்து நின்றால் மட்டும் இதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கலாம்.

இதை அணைத்து வைக்க ஸ்விட்ச் உண்டா?

தனி ஸ்விட்ச் இல்லை. ரீங்காரம் தொந்தரவாக இருந்தால் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். வெடிப்புகள் நெருங்கி வருவதால் அதிர்வு உடனே தணியும், மிச்சமாகும் பெட்ரோலில் கொஞ்சம் போகும்.